உங்களுக்குத் தெரியுமா? கிளினிக் மெயிலும் ஒரு ஒற்றெழுத்தும்

மேலநீலிதநல்லூரில் இருக்கும் ஒரு கிளினிக் தன் நோயாளிகளுக்கு மெயில் அனுப்பினால், அதை முதலில் படிப்பது பெரும்பாலும் நோயாளி அல்ல. மெயில் முகவரி மகனுடையதாகவோ மகளுடையதாகவோ இருக்கும். அவர் திருப்பூரிலோ சென்னையிலோ துபாயிலோ இருப்பார். படித்துவிட்டு ஊருக்குப் போன் போட்டு, "அம்மா, செவ்வா கெழம போகாதீங்க, வியாழக்கெழம போங்க" என்று சொல்வார். மெயிலில் சிறு குழப்பம் இருந்தாலும் அது போன் வழியாகப் பெரிய குழப்பமாகி ஊர் போய்ச் சேரும்.

அப்படி ஒரு மெயிலைப் பிழை திருத்தித் தரும்படி உங்களிடம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை ஒன்றுதான்: இலக்கணத்தை மட்டும் திருத்த வேண்டும், வேறு எதிலும் கை வைக்கக் கூடாது. கீழே இருப்பது கற்பனை மெயில். அதில் உள்ள பிழைகள் மட்டும் தினமும் கண்ணில் படுபவை.

*அன்பார்ந்த நோயாளிகளுக்கு வணக்கம். ஆடித்தபசு திருவிழாவை முன்னிட்டு நம் கிளினிக்கில் பார்வை நேரங்கள் மாற்றப்பட்டுள்ளது. இனி டாக்டரை பார்க்கும் நாள் செவ்வாய் அல்ல, வியாழன். செவ்வாய் கிழமைக்கு டோக்கன் வாங்கிய ஒவ்வொரு நோயாளிகளும் 30-ம் தேதி செவ்வாய் காலை 10 மணிக்கு வர வேண்டும். ரத்த பரிசோதனைக்கு வருபவர்கள் மாத்திரை போட்டு சாப்பிடாமல் வரவும். அதற்க்கு முன் போன் செய்து உறுதி செய்யவும்.*

"இலக்கணம் மட்டும்" என்றால் எழுத்துப் பிழையும் அதில் அடங்கும், தெரியுமா?

அடங்கும். தமிழ் இலக்கணம் எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் முதல் அதிகாரமே எழுத்ததிகாரம், நன்னூலிலும் அப்படித்தான். இரண்டு சொற்கள் சேரும்போது நடுவில் 'க்', 'ச்', 'த்', 'ப்' வருமா வராதா என்பதும் அதற்குள்தான் வருகிறது. ஆகவே "அதற்க்கு" என்பதை "அதற்கு" ஆக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 'ற்' என்ற எழுத்தை அடுத்து இன்னொரு ஒற்று வராது. "முயற்ச்சி"யும் இதே வகைப் பிழைதான்.

இந்த மெயிலில் ஒற்றெழுத்து விட்டுப்போன இடங்கள் எத்தனை?

ஐந்து. "டாக்டரை பார்க்கும்" என்பது "டாக்டரைப் பார்க்கும்" என்று வர வேண்டும். 'ஐ' உருபு வெளிப்படையாக நின்றால் அடுத்த வல்லினம் மிகும். "செவ்வாய் கிழமை" என்பதைச் சேர்த்து "செவ்வாய்க்கிழமை" ஆக்க வேண்டும். "ரத்த பரிசோதனை" ரத்தப் பரிசோதனை. "ஆடித்தபசு திருவிழா" ஆடித்தபசுத் திருவிழா. "போட்டு சாப்பிடாமல்" போட்டுச் சாப்பிடாமல். கடைசியாகச் சொன்ன இடத்துக்குத் திரும்பவும் வர வேண்டியிருக்கும். மெயிலில் உள்ளதிலேயே ஆபத்தான வாக்கியம் அது.

பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளியே வைக்க மாட்டார்கள், தெரியுமா?

எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் விட்டுவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. 'க'வும் 'க்'கும் ஓலையில் ஒன்றுபோலவே இருக்கும். படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குப் புள்ளிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் போனில் அவசரமாகத் தட்டுகிறவர்கள் ஒற்றைத் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். ஓலை எழுதியவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது.

எதிர்காலத்தில் எழுதினால் ஒருமை பன்மைப் பிழை காணாமல் போகும், தெரியுமா?

"நேரங்கள் மாற்றப்பட்டுள்ளது" தவறு. "மாற்றப்பட்டுள்ளன" என்று வர வேண்டும். ஆனால் அதே செய்தியை "நேரங்கள் மாறும்" என்று எழுதியிருந்தால் பிழையே இராது. அஃறிணையில் "-உம்" என்று முடியும் வினை ஒருமைக்கும் பன்மைக்கும் பொது. நேரம் மாறும், நேரங்கள் மாறும், இரண்டும் சரி. அதனால்தான் அறிவிப்பு எழுதிப் பழகியவர்கள் "கிளினிக் இயங்கும்", "டோக்கன்கள் வழங்கப்படும்" என்று எழுதிவிட்டுத் தப்பிக்கிறார்கள். பிழை திருத்துபவர் இந்தத் தந்திரத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது. "மாற்றப்பட்டுள்ளன" என்றால் முடிவாகிவிட்டது என்று பொருள். "மாறும்" என்றால் இனிமேல்தான் மாறப்போகிறது என்றும் படிக்கலாம்.

"ஒவ்வொரு நோயாளிகளும்" என்பது இதற்கு அடுத்த பிழை. "ஒவ்வொரு" என்பதை அடுத்து ஒருமைதான் வரும்: ஒவ்வொரு நோயாளியும்.

இலக்கணப்படி சரியான ஒரு திருத்தம் நோயாளியைத் தவறான நாளில் வரவழைத்துவிடும், தெரியுமா?

பழைய இலக்கணத்தை நன்றாகப் படித்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எதிர்மறைச் சொற்களில் "அன்று" ஒருமைக்கு, "அல்ல" பன்மைக்கு என்பது விதி. "இது பழம் அன்று", "இவை பழங்கள் அல்ல". மெயிலில் இருக்கும் வாக்கியம், "இனி டாக்டரை பார்க்கும் நாள் செவ்வாய் அல்ல, வியாழன்." நாள் என்பது ஒருமை. விதியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இப்படி மாற்றுகிறார்:

*இனி டாக்டரைப் பார்க்கும் நாள் செவ்வாய் அன்று, வியாழன்.*

இலக்கண வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். வீட்டில் படிக்கிறவருக்கோ "செவ்வாய் அன்று" என்பது செவ்வாய்க்கிழமை என்ற நாளைக் குறிக்கும். "தீபாவளி அன்று", "கல்யாணத்தன்று" என்று பேசியே பழகியவர்கள் நாம். 'இல்லை' என்ற பொருளில் "அன்று" இன்று பேச்சில் கிடையாது. ஆகவே அந்த வாக்கியம் செவ்வாயும் வியாழனும் பார்வை நாள் என்று ஆகிவிடும். செவ்வாய் காலை பஸ் ஏறி வருகிறவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்.

இக்காலத் தமிழில் "அல்ல" இரண்டு எண்ணுக்கும் வழங்குகிறது. செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. எனவே என் தீர்ப்பு: "அல்ல" இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கட்டும். ஒரு விதியைக் காப்பாற்றப் போய் நாளைத் தலைகீழாக்குவதைத் திருத்தம் என்று சொல்ல முடியாது.

சந்திப்பிழை பார்க்கும் 'நாவி', எழுத்துப்பிழை பார்க்கும் 'வாணி' ஆகிய இரண்டும் நீச்சல்காரன் உருவாக்கிய இணையக் கருவிகள். தமிழ் எழுதுகிறவர்களுக்கு நல்ல உதவி. "டாக்டரை பார்க்கும்" போன்றவற்றை அங்கே சோதித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த "அன்று" எந்த அன்று என்று மனிதர்தான் யோசிக்க வேண்டும்.

"டோக்கன்" என்பதை "அடையாளச் சீட்டு" ஆக்கினால் அது திருத்தம் இல்லை, தெரியுமா?

தமிழ்ப் பிழை திருத்துபவருக்குக் கை அரிக்கும் இடம் இது. "டாக்டர்" மருத்துவராக வேண்டும், "போன்" தொலைபேசியாக வேண்டும், "மற்றும்" வந்தால் அடித்துவிட வேண்டும், "வரவும்" என்பதை "வருக" ஆக்க வேண்டும். "ரத்தம்" என்று 'ர'வில் சொல் தொடங்கக் கூடாது, ஆகவே "இரத்தம்". இவற்றில் சிலவற்றுக்கு விதி உண்டு, சில வெறும் விருப்பம். கேட்டதோ இலக்கணப் பிழை மட்டும். கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண் "டோக்கன் வாங்கியாச்சா?" என்றுதான் கேட்பார். மெயிலில் அடையாளச் சீட்டு என்று படித்துவிட்டு வருகிறவர் அது வேறு ஏதோ என்று நினைத்து ஆதார் அட்டையை நீட்டுவார்.

"நம் கிளினிக்" என்பதும் அப்படித்தான். சிலர் அதை "எங்கள் கிளினிக்" ஆக்கத் துடிப்பார்கள். "நம்" நோயாளியையும் சேர்த்துக்கொள்கிறது, "எங்கள்" அவரை வெளியே நிறுத்துகிறது. எது வேண்டும் என்பது டாக்டர் விருப்பம்.

ஊர்ப் பெயருக்கு இலக்கணம் பார்க்கக் கூடாது, தெரியுமா?

கோ என்பதுடன் இல் சேர்ந்தால் கோவில் என்பதுதான் புணர்ச்சி விதி. கோயில் என்பது வழக்கு. இரண்டையும் எழுதுகிறார்கள். ஆனால் தாலுகாவின் பெயர் சங்கரன்கோவில் என்றே இருக்கிறது. மெயிலில் அது வந்தால் தொடக் கூடாது. "மேலநீலிதநல்லூர்" என்பதைப் பிரித்து எழுதுவதும் வேண்டாம். தபால்காரரும் கூகுள் மேப்பும் அறிந்த வடிவமே போதும். "ஆடித்தபசு" என்பதை "ஆடித் தவம்" என்று செம்மைப்படுத்தத் துணிந்தால் சங்கரன்கோவில்காரர்கள் கோமதியம்மன் சார்பில் சண்டைக்கு வருவார்கள்.

முகவரியில் இன்னும் "திருநெல்வேலி மாவட்டம்" என்று இருந்தால்? தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 முதல் தனியாகச் செயல்படுகிறது. மேலநீலிதநல்லூரும் சங்கரன்கோவிலும் அதில்தான் இருக்கின்றன. ஆனால் இது தகவல் சம்பந்தப்பட்டது. ஓரத்தில் "மாவட்டத்தின் பெயரைச் சரிபார்க்கவும்" என்று குறித்துவிட்டு நகர வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழையும் உண்டு, தெரியுமா?

"பௌர்ணமி அன்று விடுமுறை" என்று ஒரு வரி இருந்தால் Ctrl+F அழுத்தி அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். பல மெயில்களில் கிடைக்காது. காரணம், அதை அடித்தவர் 'பௌ' என்ற ஓர் எழுத்துக்குப் பதில் 'பெ', 'ள' என்று இரண்டு எழுத்துகளை அடித்திருப்பார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்.

பிழையே இல்லாத வாக்கியம்தான் மெயிலில் மிக ஆபத்தானது, தெரியுமா?

"மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் வரவும்." ஒற்றைச் சேர்த்தாயிற்று, இலக்கணப்படி வாக்கியம் சுத்தம். இப்போது இதன் பொருள் என்ன?

ஒரு வாசிப்பு: மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும், சாப்பாடு மட்டும் கூடாது. இன்னொரு வாசிப்பு: மாத்திரை போடுவது, சாப்பிடுவது இரண்டுமே கூடாது. தமிழில் "-ஆமல்" என்ற எதிர்மறை தனக்கு முன்னால் உள்ள வினையெச்சத்தையும் சில வேளை சேர்த்து மறுக்கும், சில வேளை மறுக்காது. "அவன் குளித்துச் சாப்பிடாமல் ஓடினான்" என்றால் குளித்தானா இல்லையா? பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், பதில் ஒன்றாக வராது.

விருந்துக்குக் கூப்பிடும் மெயில் என்றால் இந்தக் குழப்பத்தைச் சிரித்து விட்டுவிடலாம். இது வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பார்க்கக் கூப்பிடும் மெயில். அந்தச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் கலோரி உள்ள எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ்ஸில் வந்தால், வழியிலேயே சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். அதே வேளையில் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்வதுதான் வழக்கம். ரத்த அழுத்த மாத்திரையைப் பல டாக்டர்கள் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். ஆக "மாத்திரை" என்பது எந்த மாத்திரை என்பதே மெயிலில் இல்லை.

நேரம் மாறியதும் இதில் சேர்கிறது. முன்பு காலை 7 மணிக்கு ரத்தம் கொடுத்தவருக்கு இப்போது 10 மணி என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான பட்டினி மூன்று மணி நேரம் கூடுகிறது. நேரத்தை மாற்றியவர்கள் இதை யோசித்தார்களா என்பது பிழை திருத்துபவருக்குத் தெரியாது.

இங்கே செய்யக் கூடாதது ஒன்று உண்டு: நமக்குத் தெரிந்ததை வைத்து வாக்கியத்தைத் தெளிவாக்கிவிடுவது. "மாத்திரை போட்டுவிட்டு, ஆனால் சாப்பிடாமல் வரவும்" என்று மாற்றினால் மொழி தெளிவாகும். அது நாம் எழுதிய மருந்துச்சீட்டாகவும் ஆகிவிடும். ஓரத்தில் இப்படிக் குறிப்பதே சரி: *"இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். (1) மாத்திரை போடலாம், சாப்பிடக் கூடாது. (2) இரண்டும் கூடாது. எது? எந்த மாத்திரை? டாக்டரிடம் கேட்டு எழுதித் தரவும்."*

கேள்வியை வரவேற்பாளரிடம் போனில் கேட்டு, அவர் சொன்னதை நாமே எழுதுவதும் வேண்டாம். டாக்டர் சொல்லும் வாக்கியம் எழுத்தில் வர வேண்டும். அவர் பதில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: *"சர்க்கரை மாத்திரையை வீட்டில் போட வேண்டாம். கையில் கொண்டு வரவும். ரத்தம் கொடுத்து, சாப்பிட்ட பிறகு போடலாம். மற்ற மாத்திரைகளை வழக்கம்போல் போடவும்."* நான்கு சிறு வாக்கியங்கள். "-ஆமல்" ஒன்றுகூட இல்லை. டாக்டர்கள் சில சமயம் நம்மைவிட நன்றாக எழுதுகிறார்கள்.

கிழமையும் தேதியும் சண்டை போட்டால் யார் பக்கம் சாய்வது?

யார் பக்கமும் வேண்டாம். மெயிலின் மூன்றாவது வரி இனி வியாழன் என்கிறது. நான்காவது வரி "30-ம் தேதி செவ்வாய்" என்கிறது. காலண்டரைப் புரட்டினால் அந்த மாதம் 28 செவ்வாய், 30 வியாழன். ஆகவே "செவ்வாய்" என்பது "வியாழன்" ஆக வேண்டும் என்று தோன்றும். தோன்றுவது சரியாகவும் இருக்கலாம். பழைய மெயிலை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றிக் கிழமையை மறந்திருப்பார்கள். இந்த வகைக் குழப்பம் அப்படித்தான் பிறக்கும். ஆனால் கிழமையை மாற்றித் தேதியை மறந்தும் இருக்கலாமே? அப்போது சரியான நாள் 28 ஆகிவிடும். திருவிழாக் கூட்டத்துக்கு முன்பே டோக்கன்காரர்களைப் பார்த்து முடிக்க நினைத்திருக்கலாம். கேட்காமல் திருத்தினால் பாதி வாய்ப்பு தவறுக்குத்தான். ஓரக் குறிப்பு: "கிழமை, தேதி பொருந்தவில்லை. எது சரி?"

"இலக்கணம் மட்டும்தான் திருத்தினேன்" என்பதை நிரூபிக்க ஒரு வழி உண்டு, தெரியுமா?

திருத்துவதற்கு முன் மெயிலில் உள்ள எண், கிழமை, ஊர், பெயர், "வேண்டும்", "வேண்டாம்", "அல்ல", "-ஆமல்" அனைத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நம் மெயிலுக்கு அந்தப் பட்டியல்: ஆடித்தபசு, செவ்வாய், அல்ல, வியாழன், செவ்வாய், 30, செவ்வாய், 10, வேண்டும், சாப்பிடாமல். திருத்தி முடித்த பிறகு புதிய பிரதியிலிருந்து அதே பட்டியலைப் புதிதாக எழுதுங்கள். சேர்த்த ஒற்றைத் தவிர இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் செய்தியில் கை வைக்கவில்லை என்று அர்த்தம். வேர்டில் Track Changes, கூகுள் டாக்ஸில் Suggesting என்ற வசதிகளில் வேலை செய்தால் ஒவ்வொரு மாற்றமும் தனித்துத் தெரியும். கிளினிக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கலாம், தள்ளலாம்.

நம் மெயிலில் கணக்கு இப்படி முடிகிறது: எட்டுத் திருத்தங்கள், இரண்டு கேள்விகள். திருத்தங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். கேள்விகளுக்குப் பதில் வரும்வரை மெயிலை அனுப்பக் கூடாது. திருத்திய பிரதி, பதில் வருவதற்கு முன், இப்படி இருக்கும்:

*அன்பார்ந்த நோயாளிகளுக்கு வணக்கம். ஆடித்தபசுத் திருவிழாவை முன்னிட்டு நம் கிளினிக்கில் பார்வை நேரங்கள் மாற்றப்பட்டுள்ளன. இனி டாக்டரைப் பார்க்கும் நாள் செவ்வாய் அல்ல, வியாழன். செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் வாங்கிய ஒவ்வொரு நோயாளியும் 30-ம் தேதி செவ்வாய் [கேள்வி 1] காலை 10 மணிக்கு வர வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் வரவும் [கேள்வி 2]. அதற்கு முன் போன் செய்து உறுதி செய்யவும்.*

கடைசியாக, வெளியூரில் இருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும்: கிளினிக்கிலிருந்து வரும் மெயிலை அப்பா அம்மாவிடம் சுருக்கிச் சொல்லாதீர்கள், போனில் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். கிழமையும் தேதியும் பொருந்தாவிட்டாலோ மாத்திரை பற்றிய வரி இரண்டு விதமாகப் புரிந்தாலோ, அவர்கள் பஸ் ஏறும் முன் கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.